ஆறாம் வகுப்பு ஆங்கிலம்: ‘புதிய பள்ளியில் முதல் நாள்’ நாட்குறிப்பைத் திருத்துவது எப்படி?

வேம்படி ஆசிரியை

கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து முடித்துவிட்டு ஜூன் மாதம் எங்களிடம் வருகிற பிள்ளைகள். வந்த முதல் வாரத்திலேயே, புதிய பள்ளியில் முதல் நாளைப் பற்றி நாட்குறிப்பாக ஆறேழு வரி எழுதச் சொன்னேன்.

பாதிப் பேர் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். எல்லா நோட்டிலும் ‘ஐ வாஸ் நெர்வஸ் பட் எக்ஸைட்டட்’ என்று ஒரே வரி. என்ன பொருள் என்று கேட்டால் முழிக்கிறார்கள். மீதிப் பேர் சொந்தமாக எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு மாணவியின் நோட்டை அப்படியே தருகிறேன். ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“டுடே ஐ கோ நியூ ஸ்கூல். ஸ்கூல் வெரி பிக். மீ ஃபியர். மேத்ஸ் சார் கம் அண்ட் ஆஸ்க் நேம். ஐ டிட் நாட் டோல்ட். ஓல்ட் ஸ்கூல் மார்னிங் ஃபுட் கிவ். ஹியர் நோ. லஞ்ச் டைம் ஒன் கேர்ள் கிவ் மீ எக். மீ ஹேப்பி.”

காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பில் மதியச் சத்துணவு மட்டும்தான். அந்தப் பிள்ளைக்குப் புதிய பள்ளியில் முதலில் உறைத்தது அதுதான். எந்த வழிகாட்டியிலும் இப்படி ஒரு வரி கிடைக்காது. ஆனால் சிவப்பு மையை எடுத்தால் ஒன்பது வரியிலும் கோடு விழும். எங்கிருந்து தொடங்குவது?

செந்தில் அப்பா

இதே சிக்கல் எங்கள் வீட்டிலும். மகனைப் புதிய பள்ளியில் சேர்த்தோம். முதல் நாளே டைரியில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி அனுப்பிவிட்டார்கள். கீழே பெற்றோர் கையொப்பம் கேட்கிறார்கள். வீட்டுப்பாடம் என்ன என்றே புரியவில்லை. டைரியைத் தமிழில் எழுதச் சொல்லிப் பள்ளியில் கேட்கலாமா?

வேம்படி ஆசிரியை

ஐயா, நீங்கள் சொல்வது வீட்டுப்பாடம் குறிக்கிற டைரி. நான் கேட்பது பிள்ளையே தன் நாளைப் பற்றி எழுதுகிற நாட்குறிப்பு. உங்கள் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன்: தாராளமாகக் கேட்கலாம். வகுப்பாசிரியரிடம் நேரில் கேளுங்கள், டைரியிலேயே பதில் எழுதிப் போடாதீர்கள்.

இலக்கணம் இராமசாமி

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? நாட்குறிப்பு என்றால் ஒரே விதிதான். நடந்து முடிந்ததைச் சொல்கிறோம், ஆகவே எல்லா வினையும் இறந்த காலத்தில் இருக்க வேண்டும். மேலே தேதி, கிழமை, நேரம். அடுத்து ‘டியர் டைரி’. கடைசியில் பெயர். ‘கோ, வென்ட், கான்’ என்று ஐம்பது வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய வையுங்கள். ஒரு மாதத்தில் சரியாகிவிடும். நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

சாக்பீஸ் தாத்தா

இராமசாமி சொல்வதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். இந்த நாட்குறிப்புக்கு வேண்டியவை ஐம்பது வினைகள் இல்லை, எட்டோ பத்தோ தான்: வென்ட், கேம், சா, சாட், ஏட், மெட், கேவ், செட். முதல் நாளில் ஒரு பிள்ளை செய்வது அவ்வளவுதானே: போனது, உட்கார்ந்தது, யாரையோ பார்த்தது, சாப்பிட்டது. அதைக் கரும்பலகையின் ஒரு மூலையில் எழுதிவைத்துவிட்டால் போதும்.

எல்லாமே இறந்த காலம் என்பதுதான் ஆபத்து. அந்த விதியைக் கேட்ட பிள்ளை அடுத்த நாள் ‘மை நேம் வாஸ் கவிதா’ என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கும். இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு வகுப்பில் இல்லை, பல வகுப்புகளில்.

ஆசிரியை கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த ஒன்பது வரியில் என் கண் போய் நின்றது ‘மீ ஃபியர்’, ‘மீ ஹேப்பி’ இரண்டிலும்தான். மற்றவை எந்த ஆங்கிலக் கட்டுரையிலும் வரும். இந்த இரண்டும் நாட்குறிப்பில்தான் கொத்தாக வரும், ஏனென்றால் நாட்குறிப்பு முழுக்க மனநிலை. தமிழில் மனநிலையை நாம் பெரும்பாலும் ‘எனக்கு’ போட்டுத்தான் சொல்கிறோம். எனக்குப் பயமாக இருந்தது. எனக்குப் பசித்தது. எனக்கு அந்த டீச்சரைப் பிடித்தது. எனக்கு ஒரு தோழி கிடைத்தாள். ‘எனக்கு’ என்றால் ‘மீ’ என்று யாரோ அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவள் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறாள். சோம்பலில் வந்த பிழை இல்லை அது, கணக்குப் போட்டு வந்த பிழை.

ஆங்கிலத்தில் இவை எல்லாம் ‘ஐ’யில் தொடங்கும். ஐ வாஸ் ஸ்கேர்ட். ஐ வாஸ் ஹங்க்ரி. ஐ லைக்ட் த டீச்சர். ஐ மேட் எ ஃபிரெண்ட். ஆகவே முதல் வகுப்பில் இதை மட்டும் எடுங்கள். பிள்ளைகளைத் தமிழிலேயே ‘எனக்கு’ வருகிற வாக்கியங்கள் சொல்லச் சொல்லுங்கள். பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்.

ஏன் இரண்டு பத்தி? அதே பிள்ளை ‘ஒன் கேர்ள் கிவ் மீ எக்’ என்று எழுதியிருக்கிறாள் பாருங்கள். வினையில்தான் தவறு, ‘மீ’ மிகச் சரி. அங்கே கொடுத்தவள் ஒருத்தி இருக்கிறாள், எனக்கு என்பது வாங்கியவள். அப்படி வேறொருவர் செய்து அது என்னிடம் வந்து சேர்ந்தால் ‘மீ’. வேறு யாரும் இல்லாமல் எனக்குள்ளேயே நடந்தால் ‘ஐ’. “இதைச் செய்தது யார்?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். முட்டையைக் கொடுத்தது யார்? அந்தப் பெண். பயந்தது யார்? நான்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

எல்லை ஒன்று உண்டு. ‘எனக்குத் தலை வலித்தது’ என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். அது ‘ஐ ஹேட் எ ஹெடேக்’ ஆகும். ‘ஐ’யில்தான் தொடங்குகிறது, ஆனால் ‘வாஸ்’ வராது. அதை விதியாக்காமல் முழு வாக்கியமாகவே கொடுத்துவிடுங்கள்.

வேம்படி ஆசிரியை

இரண்டு பத்தி பிடித்திருக்கிறது, திங்கட்கிழமை செய்து பார்க்கிறேன். இன்னொன்று: ‘ஐ டிட் நாட் டோல்ட்’. இது இந்த ஒரு பிள்ளை மட்டும் இல்லை. ‘டிட் நாட்’ போட்டால் அடுத்து இறந்த கால வினைதான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எத்தனை முறை அடித்துத் திருத்தினாலும் திரும்பி வருகிறது.

சாக்பீஸ் தாத்தா

அதற்குத் தமிழே துணை. ‘போனேன்’ என்று பலகையில் எழுதுங்கள். “இல்லை என்று மாற்றுங்கள்” என்று கேளுங்கள். வகுப்பே ‘போகவில்லை’ என்று சொல்லும். இப்போது கேளுங்கள்: ‘போனேன்’ என்பதன் நடுவிலிருந்த அந்த ‘ன்’ ஒலி, காலத்தைக் காட்டியதே, எங்கே போயிற்று? ‘போக’ என்பதில் காலம் இல்லை. வந்தேன், வரவில்லை. சொன்னேன், சொல்லவில்லை. ‘சொன்னேனில்லை’ என்று யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலமும் கிட்டத்தட்ட அதையே செய்கிறது. ‘டோல்ட்’ போய் ‘டெல்’ திரும்பி வருகிறது. காலத்தை ‘டிட்’ தூக்கிக்கொண்டது, வினை வெறும் கையோடு நிற்கிறது. பிள்ளைக்குப் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டாம், தன் வாயில் ஏற்கெனவே இருப்பதைக் காட்டினால் போதும்.

இன்னொன்று. பெயரைச் சொல்லவில்லை என்பதற்கு ‘டெல்’ஐ விட ‘ஸே’ எளிது. ‘ஐ டிட் நாட் ஸே மை நேம்.’ ‘டெல்’ வந்தால் யாரிடம் என்பதையும் சேர்க்க வேண்டிவரும், தொடக்கநிலையில் அந்தச் சுமை எதற்கு?

கொக்கி

தாத்தாவுக்கு ஒரு கொக்கி. ‘போனதில்லை’ என்கிறோமே? அதில் இறந்த காலம் அப்படியே இருக்கிறதே. ‘சொன்னதில்லை’, ‘பார்த்ததில்லை’. உங்கள் விதி எங்கே போயிற்று?

சாக்பீஸ் தாத்தா

நல்ல கொக்கி. ‘போனதில்லை’ என்றால் இதுவரை ஒருமுறைகூடப் போனதில்லை என்று பொருள். ‘ஐ ஹேவ் நெவர் கான்’ என்ற பக்கம் போகிறது. முதல் நாள் நாட்குறிப்பில் அது அரிதாகத்தான் வரும். ஒரு கெட்டிக்காரப் பிள்ளை வகுப்பில் கேட்டுவிட்டால் பாராட்டிவிட்டு, எட்டாம் வகுப்பில் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கொக்கி

எட்டாம் வகுப்பு ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பைக் கைகாட்டுவார். தெரிந்ததுதான்.

மட்டக்களப்பு மிஸ்

நான் இலங்கையில் தரம் ஆறுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். எங்களிடம் இந்தத் தலைப்பு வேறு நிறம் கொள்ளும். தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சை. அதில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் பலர் தரம் ஆறுக்குப் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுவார்கள். ஐந்து வருடம் ஒரே வாங்கில் இருந்த இருவர் பிரிந்துபோவார்கள். ஆகவே முதல் நாள் நாட்குறிப்பில் புதிய கட்டடம் வருவதில்லை, பழைய தோழிதான் வருகிறாள். ‘ஐ மிஸ் மை ஃபிரெண்ட்’ என்ற வரியை எத்தனையோ கொப்பிகளில் வாசித்திருக்கிறேன்.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ‘ஐ மிஸ்ட் மை ஃபிரெண்ட்’ என்று நான் வேகமாகச் சொல்லும்போது அந்தக் கடைசி ‘ட்’ காதில் விழுவதே இல்லை. அடுத்த சொல்லின் ‘ம்’ அதை விழுங்கிவிடுகிறது. கேட்காத எழுத்தைப் பிள்ளை எப்படி எழுதும்? ‘ஆஸ்க்ட் மை நேம்’ என்பதும் அப்படித்தான். ஆகவே ‘ஆஸ்க்’ என்று எழுதிய பிள்ளைக்கு இறந்த காலம் தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். ‘வென்ட்’, ‘கேம்’ போல முழுச் சொல்லும் மாறுகிற வினைகளைச் சரியாக எழுதி, ஒட்டு சேரும் வினைகளில் மட்டும் விடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் குறை காதில்தான். சொல்வதெழுதுதலில் ‘ஆஸ்க்ட் அஸ்’ என்று உயிரெழுத்து பின்னால் வரும்படி கொடுத்தால் அந்த ஒலி கேட்கும், பிள்ளையும் எழுதிவிடும்.

தாத்தா ஐயாவோடு ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொன்றுக்கும் தமிழுக்குப் போய் வந்தால் பிள்ளை எப்போது ஆங்கிலத்தில் யோசிக்கும்? நான் முதலில் வாயால் சொல்ல வைப்பேன். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல, பிறகுதான் எழுத்து.

சாக்பீஸ் தாத்தா

வாயால் சொல்ல வைப்பது சரி, அதில் சண்டை இல்லை. ஆனால் ‘மீ ஃபியர்’ என்று எழுதுகிற பிள்ளை ‘மீ ஃபியர்’ என்றுதான் பேசவும் செய்யும். பிழை எங்கிருந்து வருகிறது என்று காட்டாமல் பேசப் பேச அது இறுகிவிடும் என்பது என் எண்ணம்.

‘மிஸ்ட்’ பற்றிச் சொன்னது அருமை. வினையைச் சரியாகப் போட்டுவிட்டு ஒட்டை மட்டும் விட்ட பிள்ளைகளை நானும் இலக்கணப் பட்டியலில் சேர்த்திருப்பேன்.

மட்டக்களப்பு மிஸ்

இறுகுமா, இளகுமா என்பது வகுப்பைப் பொறுத்தது. நான் என் வழியில் போகிறேன்.

பனியன் கம்பெனி முருகேசன்

எனக்கு வயது நாற்பத்தாறு. திருப்பூரில் மாலை நேரத் தொடக்க ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். எங்களுக்கும் இதே தலைப்பைக் கொடுத்துவிட்டார்கள்! புதிய பள்ளியில் முதல் நாளாம். வகுப்பில் இருப்பவர்கள் எல்லாம் பேரன் பேத்தி எடுக்கப் போகிறவர்கள். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாளை நினைத்து எழுதினேன். தொடக்கத்தில் ‘டுடே’ என்று போட்டேன். பக்கத்தில் இருந்தவர், முப்பத்தைந்து வருடத்துக்கு முன் நடந்ததற்கு ‘டுடே’ எப்படி வரும் என்கிறார். யார் சொல்வது சரி?

இன்னொரு சந்தேகம். ‘தி கிளாஸ் வாஸ் லாங், ஐ வாஸ் போரிங்’ என்று எழுதினேன். ஆசிரியர் சிரித்துவிட்டார். காரணம் சொல்லவில்லை.

சாக்பீஸ் தாத்தா

நாட்குறிப்பு என்றால் அன்று இரவே எழுதுவதாகப் பாவனை. மேலே அந்தப் பழைய தேதியைப் போட்டுவிட்டு ‘டுடே’ என்று தொடங்குங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. இன்றைய தேதியைப் போட்டால்தான் ‘டுடே’ பொய்யாகும்.

‘ஐ வாஸ் போரிங்’ என்றால் நீங்கள் மற்றவர்களுக்குச் சலிப்பூட்டினீர்கள் என்று பொருள் வந்துவிடும். வகுப்பு ‘போரிங்’, நீங்கள் ‘போர்ட்’. சலிப்பைத் தருவது ஒன்று, படுவது மற்றொன்று. ‘எக்ஸைட்டிங், எக்ஸைட்டட்’ என்பதும் இதே ஜோடி.

பனியன் கம்பெனி முருகேசன்

அப்படியானால் எங்கள் ஆசிரியர் எதற்குச் சிரித்தார் என்று இப்போது புரிகிறது. நன்றி ஐயா.

இலக்கணம் இராமசாமி

நான் சொன்ன விதியை விட்டுக்கொடுக்க மனமில்லை. ‘ஸ்கூல் வெரி பிக்’ என்பதை எப்படித் திருத்துவீர்கள்? ‘வாஸ்’தானே? நாட்குறிப்பு முழுக்க ‘வாஸ்’ ஓடும்போது நடுவில் ‘இஸ்’ வந்தால் தேர்வில் மதிப்பெண் குறைப்பார்கள். மேலும், வழிகாட்டியைப் பார்த்து எழுதியவர்களைக் கேவலமாகப் பேச வேண்டாம். பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்களே!

சாக்பீஸ் தாத்தா

இரண்டும் வரலாம் இராமசாமி. ‘த ஸ்கூல் வாஸ் வெரி பிக்’ என்றால் அன்று காலை வாசலில் நின்றபோது அப்படித் தெரிந்தது. ‘இட் இஸ் வெரி பிக்’ என்றால் இப்போதும் பெரிய பள்ளிதான். பெயர், ஊர், பள்ளி இருக்கிற இடம், பிடித்த பாடம் போன்றவை அன்று இரவோடு முடிந்துபோகிறவை அல்ல, அவற்றுக்கு ‘இஸ்’. நாளை என்ன செய்வேன் என்று கடைசி வரி எழுதினால் ‘வில்’. ஆறு வரி நாட்குறிப்பில் மூன்று காலமும் முறையாக வரலாம்.

அந்தப் பிள்ளையின் வரியில் இருக்கிற குறை வேறு. ‘பள்ளி ரொம்பப் பெரியது’ என்று தமிழில் வினையே இல்லாமல் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் அங்கே ஏதாவது ஒரு வினை இருந்தே ஆக வேண்டும். ‘இஸ்’ போட்டாலும் ‘வாஸ்’ போட்டாலும், முதலில் ஒன்றைப் போடப் பழக்குங்கள்.

மதிப்பெண் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். திருத்துகிறவர் யார் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

கொக்கி

இன்னொரு கொக்கி. வெள்ளைக்காரர்களின் சொந்த நாட்குறிப்புகளில் ‘வென்ட் டு ஸ்கூல். மெட் எ கேர்ள்.’ என்று ‘ஐ’யே இல்லாமல் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். நம் தமிழிலும் ‘போனேன், பார்த்தேன்’ என்று ‘நான்’ இல்லாமல்தான் எழுதுகிறோம். நம் பிள்ளை ‘ஐ’யை விட்டால் மட்டும் தவறா?

மட்டக்களப்பு மிஸ்

தவறில்லை, ஆனால் நான் விடமாட்டேன். தமிழில் ‘போனேன்’ என்ற சொல்லின் கடைசியிலேயே ‘நான்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘வென்ட்’ என்பதில் யார் போனார் என்று தெரியாது. நாட்குறிப்பில் விடுவதற்குப் பழகிய பிள்ளை கடிதத்திலும் விடும். தரம் ஒன்பது வரட்டும், விடட்டும்.

வேம்படி ஆசிரியை

திங்கட்கிழமை வகுப்பை முடித்தேன். இரண்டு பத்தி போட்டோம். ‘எனக்கு’ வாக்கியங்கள் மழையாகக் கொட்டின. ஒருவன் ‘எனக்குப் பேய் பிடித்தது’ என்றான். இதைச் செய்தது யார் என்று கேட்டேன். பேய் என்றான். ஆகவே ‘மீ’ பத்தியில் போட வேண்டும் என்று அடம். வகுப்பே அவன் பக்கம். விட்டுவிட்டேன்.

பிறகு ‘போனேன், போகவில்லை’. அதன்பின் எதையும் திருத்தாமல், நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னேன். அந்த மாணவியின் இரண்டாவது எழுத்து:

“டுடே ஐ வென்ட் நியூ ஸ்கூல். ஸ்கூல் இஸ் வெரி பிக். ஐ வாஸ் ஸ்கேர்ட். மேத்ஸ் சார் கேம் அண்ட் ஆஸ்க் நேம். ஐ டிட் நாட் ஸே. ஓல்ட் ஸ்கூல் கேவ் மார்னிங் ஃபுட். ஹியர் நோ. ஐ வாஸ் ஹங்க்ரி. லஞ்ச் டைம் ஒன் கேர்ள் கேவ் மீ எக். ஐ வாஸ் ஹேப்பி. டுமாரோ ஐ வில் ஆஸ்க் ஹெர் நேம்.”

‘ஐ வாஸ் ஹங்க்ரி’ என்பதும் கடைசி வரியும் முன்பு இல்லை, அவளே சேர்த்தவை. ‘வென்ட்’ பக்கத்தில் ‘டு’ இல்லை, ‘எ’யும் ‘த’வும் எங்குமே இல்லை. ‘ஆஸ்க்’ இன்னும் ‘ஆஸ்க்’தான். மிஸ் சொன்னது போலக் காதுக்கு எட்டவில்லை என்று நினைக்கிறேன், ‘கேம்’, ‘கேவ்’ எல்லாம் சரியாக வந்துவிட்டதே. வழிகாட்டியைப் பார்த்து எழுதியவர்களில் சிலர் இந்த முறை சொந்தமாக எழுதினார்கள். சிலர் மறுபடியும் ‘நெர்வஸ் பட் எக்ஸைட்டட்’.

‘எ’, ‘த’ இரண்டையும் அடுத்த வாரம் எடுக்கவா, காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்று விடவா?

சாக்பீஸ் தாத்தா

‘வென்ட் டு’ என்பதை ஒரே சொல்லாகப் பலகை மூலைப் பட்டியலில் மாற்றி எழுதிவிடுங்கள், அது நாளைக்கே முடியும். ‘எ’, ‘த’ காத்திருக்கட்டும். தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் பிடித்துக்கொள்ள நமக்குக் கொம்பு கிடையாது, ஆண்டு முழுக்க ஓடும். ‘ஹியர் நோ’வுக்கு ‘ஹியர் தே டோன்ட்’ என்று சொல்லிக் கொடுங்கள்.

இலக்கணம் இராமசாமி

தேதி, கிழமை போடவில்லையே. அதற்கு அரை மதிப்பெண் உண்டு.

வேம்படி ஆசிரியை

போட்டிருக்கிறாள் ஐயா, நான்தான் தட்டச்சு செய்யவில்லை. ‘வென்ஸ்டே’ எழுத்துகூட்டலில் தவறு இருக்கிறது, அதை நீங்கள் கேட்காதீர்கள்.